ஜன்னலை மேற்கே வைத்தது யார்?

"இந்த ஜன்னலை இங்க வெச்சது யாரு?"

கேட்டவர் ஒரு கட்டடக் கலைஞர். திருச்சியில் இருபது வருடமாகத் தொழில் செய்கிறவர். கேட்ட இடம் திருச்சிக்கு வெளியே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு. மார்ச் மாதத்தின் நடுப்பகுதி, மதியம் இரண்டரை மணி. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொத்தனாரு" என்றான் ஒருவன். "கவர்மென்ட்டு" என்றான் இன்னொருவன். "ஹெச்.எம். சார்" என்று ஒரு குரல் வர, வகுப்பு சிரித்தது. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, "நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு மேடம்" என்றாள். வந்தவருக்கு இந்தப் பதில்தான் பிடித்திருந்தது. முன்னாடியே இருப்பதாக நாம் நினைக்கும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். ஜன்னல் எந்தச் சுவரில், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, கரும்பலகை எந்தப் பக்கம். அந்த முடிவுகளை எடுப்பதுதான் தன் வேலை என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து முதல் வரிசைப் பையன்கள் இருவரிடம் கொடுத்தார்.

பள்ளிகளில் நடக்கும் வேலை வழிகாட்டிப் பேச்சுகள் சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். வந்தவர் தான் எப்படிப் படித்து முன்னேறினார் என்று சொல்வார், பிள்ளைகள் கை தட்டுவார்கள், கலைவார்கள். அவர் தினமும் காலையில் ஆபீசுக்குப் போய் என்னதான் செய்கிறார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அப்படி இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமும் பேச்சு அந்த ஒரே அறையைத்தான் சுற்றிவந்தது.

பையன்கள் அளந்து சொன்னார்கள். அறையின் அகலம் 20 அடி, நீளம் 25 அடி. மேற்குச் சுவரில் மூன்று ஜன்னல்கள், ஒவ்வொன்றும் நாலடி அகலம், நாலடி உயரம். தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கி ஏழடியில் முடிகின்றன. கிழக்கே வராண்டா. வராண்டாப் பக்கச் சுவரில் அதே அளவில் இரண்டு ஜன்னல்கள், ஒரு கதவு. கரும்பலகை வடக்குச் சுவரில்.

"இப்ப இதைக் கணக்கு நோட்டுல வரையுங்க. ஒரு கட்டம் ஒரு அடி."

கட்டம் போட்ட நோட்டில் இருபதுக்கு இருபத்தைந்து கட்டம். சுவரை எல்லாரும் வரைந்துவிட்டார்கள். சந்தேகம் ஜன்னலில் வந்தது. மேலேயிருந்து பார்த்தால் ஜன்னல் எப்படித் தெரியும்? ஃபேன்தானே தெரியும் என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. வீட்டு பிளானைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கே இதில் குழப்பம் உண்டு. பிளான் என்பது கூரைக்கு மேலே நின்று பார்த்த படமில்லை. தரையிலிருந்து நாலடி உயரத்தில் அறையைக் குறுக்கே அறுத்து, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை மேலிருந்து பார்த்த படம். நாலடியில் அறுப்பதால்தான் கதவும் ஜன்னலும் அதில் தெரிகின்றன. ஃபேன் தூக்கிவைத்த பாதியோடு போய்விடுகிறது.

கதவை வரையும்போது அவர் ஒரு கால்வட்டம் போட்டார். கதவு திறக்கும்போது அதன் ஓரம் தரையில் போகும் பாதை அது. கதவுக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பதைக் காட்டும் குறி. இந்தக் கால்வட்டத்தை நிஜத் தரையிலேயே பெயின்ட்டில் வரைந்து, பத்துப் பத்துப் பாகையாகப் பிரித்து, கதவையே பாகைமானியாக்கிய பள்ளிகள் இந்தியாவில் நிறைய உண்டு. கபீர் வாஜ்பேயி என்ற கட்டடக் கலைஞரின் 'வின்யாஸ்' அமைப்பு யுனிசெஃப் உதவியோடு உருவாக்கிய 'பாலா' என்ற திட்டத்தில் வந்த யோசனை அது. கட்டடத்தையே பாடப் பொருளாக்கும் முயற்சி. பிள்ளைகள் உடனே எழுந்துபோய்த் தங்கள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். அது உள்பக்கமாகத்தான் திறந்தது.

மணி மூன்று. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. கரும்பலகைக்கு முன்னால் காலியாக இருந்த தரையில் வெயிலின் ஓரத்தை ஒட்டி ஒரு சாக்பீஸ் கோடு போடச் சொன்னார். சுவரிலிருந்து மூன்றடியும் கொஞ்சமும் இருந்தது. "நாலு மணிக்கு இது எங்க இருக்கும்?" என்று கேட்டார். ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். "காத்திருந்து பாக்க வேணாம். இப்பவே வரைஞ்சு பாத்துரலாம்."

இங்கேதான் இரண்டாவது படம் வந்தது. பிளானில் வெயில் தெரியாது. அதற்கு அறையை மேலிருந்து கீழாக அறுக்க வேண்டும். இதைத் தொழிலில் செக்‌ஷன் என்பார்கள். தரை, மேற்குச் சுவர், அதில் மூன்றடியிலிருந்து ஏழடி வரை ஜன்னல், அதற்கு மேலே வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட். மார்ச் நடுவில் நாலு மணிக்குத் திருச்சியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 பாகை உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில் இருக்கும். எந்த ஊரில் எந்த நாளில் எந்த மணிக்குச் சூரியன் எங்கே இருக்கும் என்பதற்கெல்லாம் அட்டவணை உண்டு, வானிலை மாறினாலும் அது மாறாது. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானிகள் வெளியே வந்தன. சன்ஷேட்டின் நுனியிலிருந்து 35 பாகையில் ஒரு கோடு இழுத்தார்கள்.

கோடு ஜன்னலின் மேலிருந்து ஒன்றரை அடிகூட இறங்காத இடத்தில் உள்ளே நுழைந்தது. நாலடி ஜன்னலில் அந்தச் சன்ஷேட் மறைப்பது அவ்வளவுதான். மிச்ச இரண்டரை அடிக்கும் மேல் வெயிலுக்குத் திறந்துகிடக்கிறது. கோட்டை நீட்டினால், ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்டி, உள்சுவரிலிருந்து ஏழடியும் கொஞ்சமும் தள்ளித் தரையைத் தொட்டது. இருபதடி அகல அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

நடுவரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "மேடம், எங்கப்பா கொத்தனாரு. அவரே வீடு கட்டித் தருவாரு. அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

கேள்வியில் குசும்பு எதுவும் இல்லை. நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் கட்டடக் கலைஞர் இல்லாமல்தான் எழுகின்றன. கட்டடக் கலைஞர் என்றால் முகப்புக்கு எலிவேஷன் போட்டு, கலர் சொல்கிறவர் என்பதுதான் பலரின் எண்ணம்.

"உங்கப்பா சன்ஷேட் எத்தனை அடி விடுவாரு?"

"ரெண்டடி."

"எல்லாப் பக்கமுமா?"

"ஆமா மேடம்."

"தெக்குப் பக்க ஜன்னலுக்கு அந்த ரெண்டடி நல்லாவே வேலை செய்யும் தம்பி. டிசம்பர்ல, மதியம் சூரியன் தெக்கே சாஞ்சு இருக்கும்போதுகூட நாலடி ஜன்னல்ல மூணடியை மறைச்சிரும். வடக்கே அவ்வளவுகூட வேண்டியதில்ல. மேற்கே பத்தவே பத்தாது. எந்தப் பக்கத்து ஜன்னல்னு கேக்கறதுதான் என் வேலை. உங்கப்பா வேலை அதைவிடக் கஷ்டம், நான் வரைஞ்சதை நிக்க வைக்கணும்."

அதோடு இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு மேலே போகும் லிண்டலில் எத்தனை கம்பி, தூண் எவ்வளவு தடிமன், இந்த மண்ணில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதைக் கணக்குப் போடுகிறவர் கட்டமைப்புப் பொறியாளர். ஜன்னல் எங்கே என்று அவர் கேட்பதில்லை. எங்கே இருந்தாலும் அதன் மேலே சுவர் நிற்கும்படி பார்த்துக்கொள்வார். ஆக, மேற்கே ஜன்னலை வைத்துவிட்டு அதற்கு அருமையாகக் கம்பி கட்டிக் கட்டிவிடலாம். விரிசல் விடாது, ஒழுகாது, நூறு வருடம் நிற்கும். அதற்குள்ளே மதியம் உட்கார முடியாது.

நாலு மணி ஆனதும் எல்லாரும் கரும்பலகைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். வெயில் நோட்டில் வரைந்த இடத்திலேயே, நாலைந்து அங்குல வித்தியாசத்தில், விழுந்திருந்தது. மூன்று மணிக் கோட்டிலிருந்து நாலடி நகர்ந்திருந்தது. வெளியே போய் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து நிழலை அளந்தார்கள். 43 சென்டிமீட்டர். அந்த முக்கோணத்தை வரைந்து பாகைமானி வைத்தால் 35 வந்தது. கட்டிய பிறகு தெரியவரும் தப்பைக் கட்டுவதற்கு முன்பே தாளில் பார்த்துவிடத்தான் இத்தனை படமும் என்பதை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்த வகுப்பு தினமும் செய்வதைச் செய்தது. மேற்கு ஓரத்துப் பிள்ளைகள் எழுந்து மூன்று ஜன்னல் கதவுகளையும் சாத்தினார்கள். அறை இருண்டது. ட்யூப் லைட் போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். நம்முடையதைப் போன்ற ஈரப்பதமும் வெப்பமும் உள்ள ஊர்களில், ஜன்னல்களின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இந்த அறையின் தரை 500 சதுர அடி, ஆறில் ஒரு பங்கு 83. ஐந்து ஜன்னல்களையும் கூட்டினால் 80. கிட்டத்தட்டச் சரி. ஆனால் மேற்கு ஜன்னல்களைச் சாத்தியதும் மிஞ்சுவது 32 சதுர அடி. அதுவும் வராண்டா நிழலைத் தாண்டி வருகிற மங்கல் வெளிச்சம். தாளில் பாஸான அறை, தினமும் மூன்று மணிக்கு ஃபெயில் ஆகிறது. இப்படிப்பட்ட தப்பை விதிப்புத்தகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பகலில் விளக்கு எரிகிறதா, ஜன்னலில் நாளிதழ் ஒட்டியிருக்கிறார்களா, பெஞ்சுகள் சுவரைவிட்டு விலகிக் கிடக்கின்றனவா என்று பார்த்தால் போதும். ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர்கள் செய்துகொண்ட இந்த ஒட்டுவேலைகளைப் படிக்கப் பழகுவது தொழிலில் பாதி என்றார் அவர்.

ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சத்தோடு காற்றும் போகிறது. அதைக் காட்ட அவர் ஓர் ஊதுபத்தி கொண்டுவந்திருந்தார். மேற்கு ஜன்னல் ஒன்றைத் திறந்து, வராண்டாப் பக்கத்தை முழுக்கச் சாத்தச் சொன்னார். ஜன்னலுக்குப் பக்கத்தில் பிடித்த ஊதுபத்தியின் புகை நேராக மேலே போனது, வெளியே வேப்பிலைகள் அசைந்துகொண்டிருந்தும். வராண்டாக் கதவைத் திறந்த கணத்தில் புகை படுத்துக்கொண்டு அறைக்குக் குறுக்கே ஓடியது. போக வழியில்லாத இடத்துக்குக் காற்று வராது. திருச்சிப் பக்கத்தில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக வரும். இந்த அறைக்கு அது எதிர்கொண்டு வருகிற காற்று. வெயிலுக்குப் பயந்து சாத்திய ஜன்னல் அதையும் சேர்த்துத் தடுக்கிறது.

"சரி, யாரு மேடம் இதை இப்படி வெச்சது?" முதல் கேள்வியைப் பிள்ளைகளே திருப்பிக் கேட்டார்கள்.

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்குப் பெரும்பாலும் டைப் டிசைன் என்று ஒரே மாதிரிப் படம்தான். ஒருமுறை கவனமாக வரைந்து, செலவு கணக்கிட்டு, பல ஊர்களில் கட்டுவார்கள். அதில் லாபம் உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக வரைந்துகொண்டிருந்தால் கட்டடம் வருவதற்குள் பிள்ளைகள் படித்து முடித்துவிடுவார்கள். சிக்கல் எங்கே என்றால், படம் ஒன்றுதான், மனைகள் வேறு வேறு. இந்தப் பள்ளிக்குக் கிழக்கே தெரு. மனை தெருவை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டது. வராண்டா தெருவைப் பார்த்தால்தான் பள்ளிக்கு முகம் இருக்கும் என்று படத்தை அப்படித் திருப்பி வைத்திருக்கிறார்கள். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி வைத்தால் மிக நல்ல வகுப்பறையாக இருக்கும் அதே படம், ஒரு கால்சுற்றுத் திரும்பியதும் வேறு அறையாகிவிட்டது.

"நீளவாக்குலதான் மனை இருக்குன்னா வேற வழியே இல்லையா?"

இருக்கிறது, அதை அவர் வரைந்து காட்டியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நோட்டுத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார். கிழக்கு மேற்காயிற்று. வராண்டா மேற்கே, பெரிய ஜன்னல்கள் கிழக்கே. ஒரு செங்கல் கூடவில்லை, ஒரு ரூபாய் கூடவில்லை. ஏழடி அகல வராண்டா மதிய வெயிலை வாங்கிக்கொள்கிறது. காலை வெயில் கிழக்கு ஜன்னலில் வரும்தான். ஆனால் ஒன்பதரை மணிக்கு நாலடி உள்ளே இருக்கிற வெயில், பத்தரைக்குள் ஓரடிக்கு ஒடுங்கிவிடும். அதுவும் நாள் இன்னும் சூடேறாத நேரம். மேல்காற்று வராண்டா நிழலில் தணிந்து உள்ளே வரும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. வராண்டாவின் வெளி ஓரம் பத்தடி உயரத்துக்குத் திறந்துகிடந்தால், நாலு மணி வெயில் அடியில் புகுந்து மறுபடி வகுப்பின் தரையில் ஆறடிக்கு மேல் விழும். அவர் அதையும் செக்‌ஷனில் கோடு போட்டுக் காட்டினார். வெளி ஓரத்து பீம் ஏழடி வரை இறங்கினால்தான் கோடு ஜன்னலுக்குக் கீழே சுவரில் போய் நிற்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் தாழ்வாரம் தலை இடிக்கும் அளவுக்கு இறங்கியிருப்பதைக் குறையாகப் பேசுவோம். குனிந்து வந்தவர்களுக்கு உள்ளே நிழல் கிடைத்தது.

"ஆனா மேடம், அப்ப ஸ்கூலு ரோட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குமே?" என்றாள் முன்பு 'முன்னாடியே இருந்துச்சு' என்ற அதே பெண்.

"காட்டும்மா. ஊர்ல ஒத்துக்குவாங்களா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் ஜன்னல் வரிசை தெரியும், அசிங்கமாக இருக்கும் என்றார்கள் சிலர். வாகனச் சத்தம் நேரே உள்ளே வரும் என்றான் ஒருவன். அது உண்மையிலேயே பெரிய குறை. காற்றுக்குத் திறந்த வழி சத்தத்துக்கும் திறந்ததுதான், ஒன்றை விட்டு இன்னொன்றை வடிகட்டச் சாதாரண ஜன்னலால் முடியாது. கட்டடத்தைத் தெருவிலிருந்து தள்ளி உட்கார வைத்தால் சத்தம் குறையும், ஆனால் மைதானம் சுருங்கும். மைதானம் சுருங்கும் என்றதும் பையன்கள் மொத்தமாக அணி மாறினார்கள். இதெல்லாம் ஒரு வீட்டுக்காரரோடு உட்காரும்போது தன் மேஜையிலும் நடக்கிற சண்டைதான் என்றார் அவர். எதை விடத் தயார் என்று கேட்பதற்கே பாதி நேரம் போகுமாம்.

இன்னொரு விஷயமும் இந்தத் திருப்பலில் இருந்தது. கரும்பலகையைப் பார்த்து உட்காரும்போது வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும் என்பது வகுப்பறை வடிவமைப்பில் பழைய பழக்கம். வலக்கையால் எழுதும்போது கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. இந்த அறையில் அதைச் சரியாகவே செய்திருந்தார்கள்: வடக்கே பார்த்து உட்கார்ந்தால் இடப்பக்கம் மேற்கு. வெளிச்சத்துக்கு நல்லது, வெயிலுக்குக் கெட்டது. படத்தைத் திருப்பினால் பலகையையும் தெற்குச் சுவருக்கு மாற்ற வேண்டும், அப்போது இடப்பக்கம் கிழக்கு. ஓர் இடக்கைப் பையன் எழுந்து, "எனக்கு?" என்றான். இரண்டு பக்கமும் ஜன்னல் இருப்பதால் வராண்டாவை ஒட்டிய வரிசை அவனுக்கு நல்ல இடம் என்று சொல்லி, அப்போதே அங்கே மாற்றி உட்கார வைத்தார் வகுப்பாசிரியர்.

மணி அடித்தும் பாதிப் பேர் போகவில்லை. இருக்கிற அறையை என்ன செய்யலாம் என்பது அடுத்த பேச்சு. இடிக்க முடியாது, காசு அதிகம் கிடையாது.

சன்ஷேட்டை நீட்டலாம் என்றான் கொத்தனார் மகன். எவ்வளவு நீட்ட வேண்டும் என்று அவனையே வரையச் சொன்னார். நாலடி ஜன்னல் முழுக்க மறைய ஐந்தே முக்கால் அடி வந்தது. அவனே தலையாட்டி வேண்டாம் என்றான்.

மேற்கே பந்தல் போட்டு, தென்னங்கீற்றுத் தட்டி கட்டலாம் என்றாள் ஒரு பெண். மலிவு, குளிர்ச்சி. யோசனையில் தப்பே இல்லை, பள்ளிக்கூடத்தைத் தவிர. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். இறங்க இருந்தது ஒரு குறுகிய படிக்கட்டு. அங்கிருந்த பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை, சிலர் வீட்டில் கேள்விப்பட்டிருந்தார்கள். அவர் அதை நீட்டவில்லை. உள்பக்கமாகத் திறக்கும் தங்கள் கதவை மறுபடி பார்க்கச் சொன்னார். நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஓடிவந்து நெருக்கினால், உள்ளே திறக்கிற கதவை முன்னால் நிற்பவரால் இழுக்க முடியாது. வெளியே திறந்தால் தள்ளினால் போதும், ஆனால் வராண்டாவில் போகிறவர் மேல் இடிக்கும். அதனால் கதவிருக்கும் இடத்தில் மட்டும் சுவரை உள்ளே வாங்கி, திறந்த கதவு வராண்டாவுக்குள் நீளாதபடி செய்வார்கள். பிளானில் போட்ட அந்தக் கால்வட்டம் இதற்காகத்தான்.

மரம் வைக்கலாம் என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சுவரிலிருந்து பன்னிரண்டடி தள்ளிப் புங்கை. நாலு மணி வெயிலை மறைக்கப் பதினைந்து, பதினாறடி உயரம் வளர வேண்டும். மூன்று மணி வெயில் இன்னும் மேலேயிருந்து வருவதால் அதற்கு இருபதடிக்கு மேல். எப்படியும் இந்த வகுப்பு பள்ளியை விட்டுப் போன பிறகுதான்.

அதுவரைக்கும் என்ன? அவர் ஐந்தே முக்கால் அடிச் சன்ஷேட்டைக் கரும்பலகையில் மறுபடி வரைந்தார். "நாலடி ஜன்னலுக்கு ஐந்தே முக்கால் அடி. ரெண்டடி ஜன்னலா இருந்தா?" பாதி. "மூணு அங்குல ஜன்னலா இருந்தா?" கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பெண் மெதுவாக, "நாலு அங்குலம் கிட்ட" என்றாள். நாலடி உயர ஜன்னலை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினேழு குட்டி ஜன்னல்களாக நினைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் நாலங்குலச் சன்ஷேட் போதும். அதாவது நாலங்குல அகலப் பட்டைகளை இரண்டே முக்கால் அங்குல இடைவெளியில் அடுக்கினால், அந்த ராட்சதச் சன்ஷேட் மறைக்கிற அதே வெயிலை அவை மறைக்கும். வெயிலுக்கு அடிக்கிற தகரப் பட்டைத் தடுப்புகளின் கணக்கு இதுதான்.

இங்கே அதைவிடக் கொஞ்சமாகவே போதும். சன்ஷேட் ஏற்கெனவே மேல்பகுதியை மறைத்துவிடுவதால், அதன் வெளி நுனியிலிருந்து கீழே சுமார் இரண்டேகால் முதல் இரண்டே முக்கால் அடிக்குத் தகரப் பட்டைகளைத் தொங்கவிட்டால் நாலு மணி வரைக்கும் தாங்கும். அதற்குக் கீழே திறந்திருக்கும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு மைதானம் தெரியும், காற்று வரும். ஐந்து மணி வெயிலுக்கு இது பத்தாது, அப்போது பள்ளியில் யாரும் இல்லை. யார் எப்போது அங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து அளவை அதோடு நிறுத்திக்கொள்வதில்தான் செலவு மிச்சமாகிறது என்றார். பற்றவைப்புப் பட்டறைக்காரர் ஒருவரிடம் விலை கேட்டு வருவதாகத் தலைமையாசிரியர் குறித்துக்கொண்டார்.

இதைப் படிக்க என்ன படிக்கணும் என்று கேட்டவர்கள் மூன்று பேர்தான், அதில் இருவர் பெண்கள். பிளஸ் டூவில் கணக்கு வேண்டும். 'நாட்டா' என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். படிப்பு பி.ஆர்க்., ஐந்து வருடம். முடித்துக் கட்டடக்கலை கவுன்சிலில் பதிந்த பிறகுதான், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியும். நன்றாக ஓவியம் வரைய வருமா என்ற பயம் மூவருக்கும் இருந்தது. அன்று அவர்கள் நோட்டில் போட்டதெல்லாம் நேர்கோடுதான் என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

புறப்படும் முன் தலைமையாசிரியர் அறையில் இன்னொரு படம் காத்திருந்தது. பள்ளிக்குப் புதிதாக இரண்டு வகுப்பறைகள் அனுமதியாகியிருக்கின்றன. அதே டைப் டிசைன், அதே தெற்கு வடக்கு வாக்கு, வராண்டா மறுபடி கிழக்கே. அவர் அங்கேயே நின்று சம்பந்தப்பட்ட உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டார். திருப்பிக் கட்டுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போடுவதற்கு முன் எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார் அவர். ஒரே ஒரு தடை: மேற்குப் பக்கம் வராண்டா வர வேண்டிய இடத்தில் பழைய கழிவறையின் செப்டிக் டேங்க் இருக்கிறது. கட்டடத்தை எட்டடி கிழக்கே தள்ளினால் தப்பிக்கலாம், ஆனால் அப்போது கொடிக்கம்பம் இடம் மாற வேண்டும். தலைமையாசிரியர் அளவு டேப்பைக் கடன் கேட்டார். மூவருமாகக் கொடிக்கம்பத்தை நோக்கி நடந்தார்கள்.